நோட்டில் ஓர் எண், மீட்டரில் வேறோர் எண்

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சமீபத்தில் இரவில் ஒரு வேளை இன்சுலினும் சேர்த்திருக்கிறார்கள். ஊசியை அவரே போட்டுக்கொள்கிறார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டரில் பார்த்து நோட்டில் எழுதிவரும்படி மருத்துவர் சொன்னார். நான் வேறு ஊரில் இருக்கிறேன். ஒரு விடுமுறை நாளில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது போய்ப் பார்த்தால் நோட்டில் இருப்பது மீட்டரில் இல்லை. மூன்று நாள் தொடர்ந்து 118 என்று எழுதியிருக்கிறார். ஒரு நாள் 891 என்று இருக்கிறது. மீட்டரில் 212 என்று இருக்கும் நாளில் நோட்டில் 130. ஏன் என்று கேட்டால் கோபம் வருகிறது. அவருக்கு இதை எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீரிழிவு நோயாளிகளுக்கு மீட்டரும் ஊசியும் பயன்படுத்தக் கற்றுத்தருவதே செவிலியரான என் வேலை. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று பொருத்தமின்மைகளும் மூன்று தனித்தனிக் காரணங்களால் வந்தவை. அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் அப்பாவுக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும். ஆகவே முதலில் அந்த எண்களை எடுத்துக்கொள்கிறேன்.

891-இலிருந்து தொடங்கலாம். வீட்டில் பயன்படுத்தும் மீட்டர்களில் பெரும்பாலானவை 600 வரைதான் எண்ணாகக் காட்டும். அதற்கு மேல் போனால் திரையில் HI என்ற எழுத்துகள் மட்டுமே வரும். எனவே 891 என்று ஓர் எண் அவருடைய திரையில் வந்திருக்க வாய்ப்பில்லை. அதே நாளுக்கு மீட்டரின் நினைவில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக 168 என்று இருக்கும். 168 என்பதை ஒரு தாளில் மீட்டர் எழுத்தைப் போலக் கோடு கோடாக எழுதி, தாளைத் தலைகீழாகத் திருப்பினால் 891 என்று படிக்க முடியும். ஸ்ட்ரிப்பைச் செருகிய மீட்டரை விரலுக்குக் கொண்டுபோகும்போது, ஸ்ட்ரிப்பின் நுனி தம்மை நோக்கி இருந்தால் சிலருக்கு வசதியாக இருக்கிறது. அப்படிப் பிடிக்கையில் சில மாடல்களில் திரை தலைகீழாகிவிடும். ரத்தத் துளியிலேயே கண் இருப்பதால் அவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறு அல்ல. 0, 1, 2, 5, 8 ஆகிய எண்கள் தலைகீழானாலும் அப்படியே தெரியும். 6, 9 ஆகிய இரண்டும் ஒன்று மற்றொன்றாக மாறும். 3, 4, 7 மட்டுமே எண்ணாக இல்லாமல் எழுத்துப்போலத் தெரிந்து, ஏதோ சரியில்லை என்று காட்டிக்கொடுக்கும். ஆகவே இந்தத் தவறு சில நாள் வெளியே தெரியும், பல நாள் தெரியாது. 891 என்பது நம்ப முடியாத எண் என்பதால் உங்கள் கண்ணில் பட்டது. ஆனால் அப்பாவின் சர்க்கரை ஒரு காலையில் 66-க்கு இறங்கியிருந்தால், தலைகீழாகப் படிக்கும்போது அது 99. 68-ஆக இருந்தால் 89. இரண்டுமே நோட்டில் மிக நல்ல எண்களாகத் தெரியும். 70-க்குக் கீழே போவது தாழ் சர்க்கரை. இரவில் இன்சுலின் போடும் ஒருவருக்கு, காலையில் தவறவே விடக் கூடாத செய்தி அதுதான்.

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை, ஓர் அடையாளம் போதும். திரை நேராக இருக்கும் நிலையில் மீட்டரைப் பிடித்து, அதன் மேல் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கரை ஒட்டுங்கள். “ஸ்டிக்கர் மேலே இருந்தால்தான் எண்ணைப் படிக்க வேண்டும்” என்ற ஒரே வாக்கியத்தை மட்டும் சொல்லுங்கள். துளியைத் தொடும்போது அவர் மீட்டரை எப்படிப் பிடித்தாலும் பரவாயில்லை. ரத்தத்தை இழுத்துக்கொண்டு மீட்டர் எண்ணத் தொடங்கியதும் அதை மேசையில் ஸ்டிக்கர் மேலே இருக்கும்படி வைத்துவிட்டு, அதன் பிறகே படிக்கப் பழக்குங்கள். ஸ்டிக்கரை ஒட்டும்போது ஸ்ட்ரிப் செருகும் துளையை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மூன்று நாள் 118. அந்த மூன்று நாட்களில் முதல் நாளுக்கு மட்டும் மீட்டரின் நினைவில் 118 பதிவாகி, மற்ற இரண்டு நாட்களுக்கு எதுவும் இல்லாமல் இருக்கும் என்று நினைக்கிறேன். பல மீட்டர்களில் பொத்தானை அழுத்தினால் திரை விழித்து, கடைசியாகப் பார்த்த அளவைக் காட்டும். ஸ்ட்ரிப்பைச் செருகினால் அது வேறு விதமாக விழித்து, விட்டுவிட்டு ஒளிரும் துளிப் படத்தைக் காட்டி ரத்தத்துக்காகக் காத்திருக்கும். இவை இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நமக்குப் பழகிப்போனது; புதிதாகக் கற்கும் பெரியவருக்கு இரண்டுமே “மீட்டர் எண் காட்டியது” என்பதுதான். காலையில் துளி போதாமல் E என்று தொடங்கும் பிழைக்குறி வந்திருக்கலாம், அவர் பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கலாம், முந்தைய நாளின் 118 வந்திருக்கலாம், அதையே நல்ல மனத்தோடு எழுதியிருக்கலாம். பிழைக்குறி பொதுவாக நினைவில் சேர்வதில்லை என்பதால் அவர் முயன்றதற்கே தடயம் இருக்காது. பயன்படுத்திய ஸ்ட்ரிப்களை அவர் எறியாமல் வைத்திருந்தால் எண்ணிப் பாருங்கள். பதிவுகளைவிட ஸ்ட்ரிப்கள் கூடுதலாக இருந்தால் நடந்தது இதுதான்.

இதற்கான மருந்து, பொத்தானைப் பற்றி எதுவும் சொல்லிக்கொடுக்காமல் இருப்பது. பொத்தானின் மேல் ஒரு சிறிய காகித வட்டத்தை ஒட்டி மறைத்துவிட்டாலும் தவறில்லை. மீட்டரைத் திறப்பது ஸ்ட்ரிப், மூடுவதும் ஸ்ட்ரிப். செருகினால் விழிக்கும், எடுத்தால் அணையும். நினைவைப் பார்ப்பது, சராசரியைப் பார்ப்பது, சாப்பாட்டுக்கு முன் பின் என்று குறியிடுவது ஆகிய வசதிகளெல்லாம் உங்களுக்கும் மருத்துவருக்கும் உரியவை. கற்றுத்தருபவர்களில் பலர் முதல் நாளே அத்தனை பொத்தான்களையும் அழுத்திக் காட்டிவிடுகிறார்கள். கற்பவருக்கு அதன் பிறகு மிஞ்சுவது குழப்பம்தான்.

நினைவோடு ஒப்பிடுவதற்கு முன் மீட்டரின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று நீங்கள் பார்த்துவிட வேண்டும். பேட்டரி மாற்றிய பிறகு சில மீட்டர்கள் பழைய தேதிக்குப் போய்விடும். அப்படிப் போயிருந்தால், அப்பா சரியாக எழுதிய எண்கள்கூட மீட்டரில் இல்லாதவை போலத் தெரியும். அவரைக் கேள்வி கேட்பதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுவது நியாயம்.

மூன்றாவது, 212-க்குப் பதிலாக 130. இது பார்வைக் கோளாறும் இல்லை, பொத்தான் குழப்பமும் இல்லை. மீட்டரில் 212 பதிவாகியிருக்கிறது, அதை அவர் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டு 130 என்று எழுதியிருக்கிறார். நோட்டை இன்னொரு முறை புரட்டுங்கள். சுழியத்தில் முடியும் எண்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் அவற்றில் சில மனத்தில் உருவான எண்கள். மீட்டர் எண்களின் கடைசி இலக்கம் எதுவாகவும் இருக்கலாம். சுமார் பத்தில் ஒன்றுதான் சுழியத்தில் முடியும்.

இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த 212-க்கு முன்னால் ஏதாவதொரு நாளில் அவர் பெரிய எண்ணைச் சொல்லியிருப்பார், “நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?” என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வி உங்களுடையதாகவே இருந்திருக்கலாம். மருத்துவமனையில் ஒருவர் கேட்டதாகவும் இருக்கலாம். அன்றிலிருந்து நோட்டு அவருக்கு மதிப்பெண் பட்டியலாகிவிட்டது. மதிப்பெண் குறைந்தால் திட்டு விழும் என்றால், எந்த வயதினரும் மதிப்பெண்ணைத் திருத்தத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் இதன் விளைவு பெரியது. இரவில் போடும் நீண்ட நேர இன்சுலினின் அளவை மருத்துவர் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் இந்தக் காலை எண்களை வைத்துத்தான். நோட்டில் 130 என்று வரிசையாக இருந்தால், இப்போதைய அளவு போதும் என்று அவர் முடிவு செய்வார். உண்மையில் 200-க்கு மேல் இருந்தால் அந்த முடிவு தவறாகிவிடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 8 சதவீதம் என்று வந்தால், அதற்கு இணையான சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 183. நோட்டும் அந்தப் பரிசோதனையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும்போது மருத்துவர் நோட்டை ஓரமாக வைத்துவிடுவார்; அப்பா விரலில் குத்திக்கொண்ட அத்தனை நாட்களும் வீணாகும்.

இதை அப்பாவிடம் சொல்லும்போது குற்றத்தைச் சுட்டாமல் இன்சுலினின் பக்கமிருந்து சொல்லுங்கள்: “அப்பா, டாக்டர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் ஊசி அளவு போடுகிறார். எண் பெரிதாக இருந்தால் அது மருந்தின் கணக்கு, உங்கள் கணக்கு இல்லை.” பிறகு தினமும் தொலைபேசியில் பேசும்போது அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். அவர் 212 என்றால் “சரிப்பா, எழுதிவிட்டீர்களா?” என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 112 என்றாலும் அதே பதில்தான். நல்ல எண்ணுக்குப் பாராட்டுவதும் பெரிய எண்ணுக்குக் கடிந்துகொள்வதைப் போன்றதே. பாராட்டு கிடைக்காத நாளில் அவர் மறுபடியும் 130 எழுதுவார். எழுதியதற்குப் பாராட்டலாம், எண்ணுக்குப் பாராட்டக் கூடாது.

இனி சொல்லிக்கொடுக்கும் முறைக்கு வருகிறேன். ஒரே நாளில் கை கழுவுவதிலிருந்து நோட்டில் எழுதுவது வரை வரிசையாகக் காட்டிவிட்டு வந்தீர்கள். அது இளையவர்களுக்குப் போதும். முதியவர்களுக்கு நான் பின்னாலிருந்து தொடங்குவேன். முதல் இரண்டு மூன்று நாட்கள் குத்துவதும் துளியை எடுப்பதும் உங்கள் வேலை. திரையைப் படித்து எழுதுவது மட்டுமே அவருடையது. அது தடுமாற்றமில்லாமல் வந்த பிறகு, துளியில் ஸ்ட்ரிப்பைத் தொடுவதையும் அவரிடம் விடுங்கள். அதற்குப் பிறகு குத்துவது, கடைசியாக டப்பாவிலிருந்து ஸ்ட்ரிப்பை எடுத்துச் செருகுவது. இப்படிச் செய்தால், ஒவ்வொரு நாளும் வேலையை முடித்துவைப்பவர் அவராக இருப்பார். புதிதாகச் சேரும் படியைத் தாண்டியதும் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பகுதி வந்துவிடும். இதற்கு நீங்கள் ஒரு வாரமாவது அவரோடு தங்க வேண்டியிருக்கும். முடியாவிட்டால், அருகில் இருந்து காலையில் வரக்கூடிய ஒருவரிடம் இதே வரிசையைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒவ்வொரு படியையும் காட்டிய பிறகு “புரிந்ததா?” என்று கேட்பதில் பயனில்லை, ஆம் என்றே பதில் வரும். “நீங்கள் எனக்குச் செய்து காட்டுங்கள்” என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். அவர் தடுமாறும் இடத்தில் மீட்டரைப் பிடுங்கி நாமே செய்துவிடத் தோன்றும். அதை அடக்கிக்கொண்டு, அடுத்த செயலை மட்டும் வாயால் சொல்லுங்கள்.

துளி எடுப்பதில்தான் பெரியவர்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சோப்புப் போட்டு, முடிந்தால் வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். இது சுத்தத்துக்காக மட்டும் அல்ல. பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சாறு ரத்தத் துளியில் கலந்தால், எண் உண்மையில் இல்லாத உயரத்துக்குப் போய்விடும். விரல் ஈரமாக இருந்தால் துளி நீர்த்து, எண் குறையும். ஸ்பிரிட் தடவியிருந்தால் அது முழுதும் உலர வேண்டும். வெதுவெதுப்பான நீருக்கு இன்னொரு பயனும் உண்டு: வயதானவர்களின் குளிர்ந்த விரலுக்கு அது ரத்தத்தைக் கொண்டுவரும். கழுவிய பின் கையைச் சற்று நேரம் தொங்கவிட்டுக்கொள்ளலாம்.

குத்த வேண்டியது விரல் நுனியின் நடுச்சதையில் அல்ல, பக்கவாட்டில். நடுச்சதையில் வலி அதிகம். அந்த இடத்தை வைத்துத்தான் நாம் எல்லாவற்றையும் தொடுகிறோம். நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் என்று மாற்றி மாற்றிக் குத்தலாம். குத்தும் பேனாவில் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும். மெல்லிய தோலுக்குச் சிறிய எண்ணில் தொடங்கி, துளி வராவிட்டால் ஒன்று ஒன்றாகக் கூட்டிச் சரியான எண்ணைக் கண்டுபிடித்து, அதில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். லான்செட் எனப்படும் அந்த ஊசியை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். மழுங்கிய ஊசி வலியைக் கூட்டும், துளியைக் குறைக்கும். கழற்றிய ஊசிகளைக் குத்தினாலும் துளைக்காத கனமான மூடியுள்ள டப்பாவில் போட்டுவைக்க வேண்டும். பேனாவையும் ஊசியையும் வீட்டில் வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது.

குத்திய பிறகு விரல் நுனியை நசுக்கிப் பிழியும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. அழுத்திப் பிழிந்தால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்து எண்ணை மாற்றிவிடலாம். உள்ளங்கையிலிருந்து நுனியை நோக்கி மெல்ல நீவினால் போதும். கை நடுங்கினால், குத்திய கையின் முழங்கையை மேசையில் ஊன்றி, விரலை அசையாமல் வைத்துக்கொண்டு, மீட்டரை விரலிடம் கொண்டுவர வேண்டும். ஸ்ட்ரிப்பின் விளிம்பு துளியைத் தொட்டவுடன் அதுவே ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். துளியைத் தடவவோ மேலே சொட்டவிடவோ வேண்டியதில்லை. போதாமல் போனால் அதே ஸ்ட்ரிப்பில் இன்னொரு துளியைச் சேர்க்க முயலாமல், புதிய ஸ்ட்ரிப் எடுப்பதே பெரும்பாலான மீட்டர்களுக்குப் பாதுகாப்பான வழி. “E வந்தால் புதிய ஸ்ட்ரிப், அன்றைக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், நோட்டில் E என்று எழுதுங்கள்” என்று சொல்லிவைத்தால், அவருக்கு 118-ஐத் தேடிப் போக வேண்டிய நிர்ப்பந்தம் இருக்காது.

ஸ்ட்ரிப் டப்பாவைப் பற்றி ஒன்றே ஒன்று. அதன் மூடியிலோ உட்சுவரிலோ ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் அழுத்தி மூட வேண்டும். வசதிக்காக ஸ்ட்ரிப்களை வேறு பெட்டிக்கு மாற்றி வைக்கக் கூடாது. மூட்டுவலியுள்ளவர்கள் திறப்பது கஷ்டம் என்று மூடியைத் தளர்வாக வைத்துவிடுவார்கள். ஈரம் பட்ட ஸ்ட்ரிப் பிழைக்குறியைக் காட்டாமல் தவறான எண்ணையே காட்டக்கூடும். டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். திறந்த பிறகு எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்பது டப்பாவிலோ அதோடு வரும் தாளிலோ அச்சிடப்பட்டிருக்கும்.

இனி நோட்டு. உங்கள் அப்பா பயன்படுத்துவது சாதாரணக் கோடு போட்ட நோட்டாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒரு மாதத்துக்கான தேதிகளை நீங்களே முன்கூட்டி எழுதிவிடுங்கள். தேதி நினைவில்லாமல் போவது எழுதாமல் விடுவதற்கு ஒரு பெரிய காரணம். தேதிக்குப் பக்கத்தில் அகலமாக ஒரு கட்டம், அதில் வெறும் வயிற்று எண். அடுத்து, முந்தைய இரவு இன்சுலின் போட்டாரா என்பதற்கு ஒரு கட்டம், அதில் எத்தனை யூனிட் என்ற எண். கடைசியாக ஒரு வார்த்தைக்கான இடம். மருத்துவர் காலை எண்ணை மட்டும் கேட்டிருப்பதால் இதற்கு மேல் கட்டங்கள் வேண்டாம். பின்னாளில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவையும் கேட்டால் அப்போது ஒரு கட்டம் சேர்க்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தை முதல் வாய் சாப்பிட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதை மட்டும் அப்போது சொல்லிக்கொடுங்கள்.

பார்க்காத நாளுக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். காலி இடம் அவரைக் குற்றவாளியாக்கும். கோடு ஒரு முறையான பதிவு. அந்த ஒரு வார்த்தைக் கட்டத்தில் “காய்ச்சல்”, “தூக்கமில்லை”, “ஊசி மறந்தேன்”, “வேர்த்தது” என்று எதுவும் இருக்கலாம். கறுப்பு மையில் பெரிதாக எழுத வேண்டும். எண்ணை முழுதாகப் படிப்பதற்குப் பதிலாக “இரண்டு, ஒன்று, இரண்டு” என்று இலக்கம் இலக்கமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதினால் இடம் மாறும் தவறு குறையும். எழுதி முடித்த பிறகே ஸ்ட்ரிப்பை உருவ வேண்டும். இது மிக முக்கியம்: உருவியதும் திரை அணைந்துவிடும், மறந்துபோன எண்ணுக்காக மறுபடியும் பொத்தானிடம் போக நேரும்.

எண்ணில் சந்தேகம் வந்தால் கையைக் கழுவிவிட்டு ஒரே ஒரு முறை மீண்டும் பார்க்கலாம். இரண்டு எண்களையும் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்காது. வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரத்தின்படி, 100-க்கு மேல் உள்ள அளவுகளில் முடிவுகள் ஆய்வகத்தின் எண்ணிலிருந்து 15 சதவீதம் வரை ஏறவோ இறங்கவோ இடம் உண்டு. 168 என்று காட்டிய மீட்டர் அடுத்த நிமிடமே 179 என்று காட்டினால் அது பழுதாகவில்லை. இதை அப்பாவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பிடித்த எண் வரும்வரை குத்திக்கொண்டே இருப்பார். ரத்தசோகை இருந்தால் மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் மருத்துவரிடம் நினைவூட்டுவது நல்லது.

நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டே விஷயங்களைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். ஒன்று, 70-க்குக் கீழே இருந்தாலோ LO என்று காட்டினாலோ என்ன செய்வது என்பது: எண்ணை எழுதிக்கொண்டிருக்காமல் உடனே 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, உட்கார்ந்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும், இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மீண்டும் அதே அளவு. அந்தச் சர்க்கரையை முன்பே அளந்து சிறு பொட்டலங்களாகக் கட்டி மீட்டர் பைக்குள் போட்டுவையுங்கள். தாழ் சர்க்கரையில் கை நடுங்கும், மனம் குழம்பும். அந்த நேரத்தில் கரண்டியைத் தேடச் சொல்லக் கூடாது. பிறகு உங்களை அழைத்துச் சொல்ல வேண்டும். அன்று இரவு ஊசிக்கு முன் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு, எந்த எண்ணுக்கு மேல் போனால் மருத்துவமனையை அழைப்பது என்பது. அந்த எண்ணை மருத்துவரே சொல்லட்டும். HI என்று வந்தால் கையைக் கழுவி மறுபடி பார்த்து, மீண்டும் அதுவே வந்தால் காத்திருக்காமல் உடனே அழைக்க வேண்டும்.

அப்பாவுக்கு எந்த எண் நல்ல எண் என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள். முதியவர்களுக்கு, குறிப்பாக வேறு நோய்களும் உள்ளவர்களுக்கு, இலக்கை வேண்டுமென்றே தளர்த்தி வைப்பது வழக்கம். காலை எண் 90 முதல் 150 வரை இருந்தால் போதும் என்று சொல்லிவிடக்கூடும். இளையவர்களுக்கான இலக்கை எங்கோ படித்துவிட்டு அவரைத் துரத்தினால் தாழ் சர்க்கரையில் போய் முடியும். தமக்கு 145 நல்ல எண்தான் என்று தெரிந்தவருக்கு அதை 130 ஆக்கி எழுத வேண்டிய தேவையும் குறையும்.

நீங்கள் தொலைவில் இருப்பதால் ஒரு சிறிய ஏற்பாடு உதவும். எழுதிய பிறகு, ஸ்ட்ரிப்பை உருவுவதற்கு முன், திரையும் நோட்டும் சேர்ந்து தெரியும்படி கைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். அவருக்கு அது கண்காணிப்பாகத் தோன்றினால் விட்டுவிடுங்கள். வாரம் ஒரு முறை தொலைபேசியில் நோட்டை அவர் படிக்க நீங்கள் எழுதிக்கொள்வதும் போதும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நோட்டோடு மீட்டரையும் எடுத்துப்போக வேண்டும். பழைய பக்கங்களைத் திருத்தவோ கிழிக்கவோ வேண்டாம். மீட்டரின் நினைவிலுள்ள எண்களை வேறு நிறத்தில் பக்கத்தில் குறித்துவிட்டு, நடந்ததை நீங்களே மருத்துவரிடம் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். அப்பா வாயால் அதைச் சொல்ல வைக்காதீர்கள்.

இத்தனைக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு மூன்று வாரம் தினமும் பழகிய பிறகும் ஸ்ட்ரிப்பின் எந்த முனை உள்ளே போக வேண்டும் என்பது அவருக்கு ஒவ்வொரு நாளும் புதிதாகவே இருந்தால், அல்லது 62 என்று படித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால், சொல்லிக்கொடுப்பதை அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். நினைவாற்றல் குறைகிறதா என்று அவர் பரிசோதிக்க வேண்டியிருக்கும். மீட்டரைத் தனியாகப் பயன்படுத்த முடியாதவர் இன்சுலினையும் தனியாகப் போட்டுக்கொள்வது பாதுகாப்பல்ல. தாழ் சர்க்கரை வரும் வாய்ப்புக் குறைந்த மருந்துக்கு மாற்ற முடியுமா, ஊசியை வேறொருவர் போட ஏற்பாடு செய்யலாமா, தோலில் ஒட்டிவைத்து அளவை உங்கள் கைபேசிக்கே அனுப்பும் சென்சார் பொருந்துமா என்று கேளுங்கள். ஆனால் நன்றாகச் செய்துவந்தவர் திடீரென்று ஒரு நாள் தடுமாறினால், அதை மறதி என்று ஒதுக்கிவிடாமல் அந்த நிமிடமே சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்; எண் சரியாக இருந்தும் குழப்பம் நீடித்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஆள் அனுப்புங்கள்.